விடைக்குறிப்பில் எண் நகரும்போது சரியான விடையும் தவறாகிவிடும்

பாடநூலின் பயிற்சிப் பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து, அவற்றைப் பார்த்து விடைக்குறிப்பு தயாரிக்கும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். தவறாகப் போட்ட கணக்கால் வந்த புகார்கள் குறைவு. சரியான விடை வேறோர் எண்ணின்கீழ் போய் உட்கார்ந்ததால் வந்தவையே அதிகம்.

என் கைக்குச் சரிபார்க்க வந்த ஒரு விடைக்குறிப்பைச் சொல்கிறேன். பயிற்சியில் ஒன்பது வினாக்கள் இருந்தன. நான்காம் வினா, ஆறு சமன்பாடுகளைத் தீர்க்கச் சொல்லியது. இடப்பக்கத்தின் அடியில் இரண்டு பத்திகளாக (i) முதல் (iv) வரை அச்சாகியிருக்க, (v), (vi) இரண்டும் அடுத்த பக்கத்தின் தலைப்பில், முதன்மை எண் எதுவுமின்றி நின்றன. படமெடுத்தவர் புத்தகத்தின் கீழ்ப்பகுதியை அழுத்திப் பிடிக்காததால், நடுமடிப்பை ஒட்டியிருந்த (iv) வளைந்து நிழலுக்குள் மறைந்துவிட்டது. தட்டச்சு செய்தவர் படத்தில் தெரிந்த ஐந்து சமன்பாடுகளுக்கும் பிழையின்றி விடை எழுதினார். தானியங்கி எண்ணிடல் அந்த ஐந்துக்கும் (i) முதல் (v) வரை வரிசையாக எண் கொடுத்துவிட்டது.

மறைந்துபோன (iv), `x/4 = 3` என்பதாகும். அதன் விடை 12. ஆனால் (v)-இன் `5x + 2 = 17` என்ற சமன்பாட்டுக்குரிய 3 என்னும் விடை (iv)-இன் இடத்தில் வந்து நின்றது. வினாவிலேயே 3 என்ற எண் இருப்பதால் அது பொருந்தாத விடையாகவும் கண்ணுக்குப் படவில்லை. இப்படிப்பட்ட குறிப்பை வைத்துத் திருத்தினால், 12 என்று சரியாக எழுதிய மாணவருக்கு மதிப்பெண் போய்விடும். அந்தப் பிள்ளை தன் கணக்கில் இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருக்கும். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் தருவது அதுதான்.

இதைத் தவிர்க்க நான் கடைப்பிடிக்கும் முறை, விடை எதையும் எழுதுவதற்கு முன் எண்களை மட்டும் கொண்ட ஒரு சட்டகத்தைத் தயாரித்துக்கொள்வதாகும். முதலில் படங்களை, எடுத்த நேரத்தின்படி அல்லாமல், பக்கத்தில் அச்சாகியுள்ள பக்க எண்ணின்படி பெயரிட்டு அடுக்குகிறேன். பிறகு முதல் வினாவிலிருந்து கடைசி வினா வரை எண்ணையும் உட்பிரிவையும் மட்டும் பார்த்து எழுதிக்கொண்டே போகிறேன். பத்திகளாகப் பிரிந்த இடத்தில் என் கண் போகும் வழக்கத்தை நம்பாமல், (ii) எங்கே இருக்கிறது என்று பார்க்கிறேன். அது (i)-க்குப் பக்கத்தில் இருந்தால் குறுக்காகவும், கீழே இருந்தால் நெடுக்காகவும் படிக்க வேண்டும். ஒரே புத்தகத்தில் இரண்டு முறைகளும் வருவதுண்டு. பக்கத்தின் தலைப்பில் (v) தனியாக நின்றால், முந்தைய படம் (iv)-இல் முடிகிறதா என்று பார்த்த பின்னரே அதை அந்த வினாவோடு சேர்க்கிறேன். மேற்சொன்ன பயிற்சியில் இப்படிச் செய்திருந்தால், (iii)-க்கும் (v)-க்கும் இடையே இருந்த பள்ளம் அங்கேயே தெரிந்திருக்கும்.

சட்டகத்தின் ஒவ்வொரு வரியிலும் முழு எண்ணையும் கையால் தட்டச்சு செய்கிறேன். `1.` என்று அடித்தவுடன் மென்பொருள் தானாகப் பட்டியல் தொடங்கினால், உடனே `Ctrl+Z` அழுத்தி அதை நீக்கிவிடுகிறேன். தானியங்கி எண் என்பது வரிகளின் எண்ணிக்கைதானே தவிர, புத்தகத்தின் எண் அன்று. ஒரு வரியை நீக்கினால் கீழே உள்ளவை அனைத்தும் சத்தமில்லாமல் மேலே நகர்ந்துவிடும்.

```
4(i)    x = 5
4(ii)   x = 7
4(iii)  x = 7
4(iv)   படம் தெளிவில்லை
4(v)    x = 3
4(vi)   x = 5
```

ஒவ்வொரு வரியும் தன் முதன்மை எண்ணைத் தாங்கியிருப்பதால், பக்கம் எங்கே முறிந்தாலும் அனாதையாக ஒரு (v) நிற்காது. படிக்க முடியாத உட்பிரிவை விட்டுவிடாமல் அதன் இடத்தைக் காத்து வைத்து, அந்தப் பக்கத்தை மீண்டும் படமெடுத்து அனுப்பக் கேட்க வேண்டும். மங்கலான எண்ணை ஊகித்து விடை போடக் கூடாது. புத்தகத்திலேயே எண் பிழையாக அச்சாகி (iii) இரண்டு முறை வந்திருந்தால், நான் அதைத் திருத்துவதில்லை. மாணவர் கையில் இருப்பது அந்தப் புத்தகம் என்பதால், அச்சில் உள்ளபடியே எழுதி, ‘இரண்டாவது (iii)’ என்று பக்கத்தில் குறிக்கிறேன்.

கடைசிச் சரிபார்ப்பில் ஒவ்வொரு வினாவின் இறுதி உட்பிரிவையும் படத்தோடு ஒப்பிடுகிறேன். படத்தில் (vi) என்றும் குறிப்பில் (v) என்றும் இருந்தால் இடையில் ஏதோ விழுந்துவிட்டது. ஆனால் ஒன்று விடுபட்டு வேறொன்று இருமுறை வந்திருந்தால் எண்ணிக்கை பொருந்திவிடும் என்பதால், வினாவுக்கு ஓர் உட்பிரிவையாவது எடுத்து விடையைச் சமன்பாட்டில் பதிலிட்டுப் பார்க்கிறேன். அதற்கு முதல் உட்பிரிவைத் தேர்ந்தெடுப்பதில்லை; இடையில் ஒன்று விழுந்தாலும் அதன் விடை நகராது. மேலே (ii), (iii) இரண்டுக்கும் விடை 7 என்று இருப்பதுபோல அடுத்தடுத்த விடைகள் ஒன்றாக அமைந்தால் நகர்வு அங்கே தெரியாது. ஆகவே முன்னும் பின்னும் வேறு விடை உள்ள, கடைசிக்கு அருகிலுள்ள உட்பிரிவையே எடுக்கிறேன்.