மொத்தம் சரி, பெயர் தவறு: காசாளர் ஒளித்துவைக்கும் ஓட்டை

மூன்றாம் தேதி வாடிக்கையாளர் ‘அ’ வந்து தன் பாக்கி 12,000-ஐ ரொக்கமாகக் கட்டுகிறார். காசாளர் ரசீது கொடுக்கிறார், பணத்தைத் தன் பையில் போட்டுக்கொள்கிறார். பேரேட்டில் எதுவும் எழுதவில்லை. ஆறாம் தேதி ‘ஆ’ 15,000-க்குக் காசோலை தருகிறார். காசோலை வங்கிக்குப் போகிறது. ஆனால் பேரேட்டில் 12,000 ‘அ’ கணக்கிலும் மீதி 3,000 மட்டும் ‘ஆ’ கணக்கிலும் வரவாகிறது. பதினொன்றாம் தேதி ‘இ’ தரும் 20,000 காசோலையிலிருந்து 12,000 ‘ஆ’வுக்குப் போகிறது, ‘இ’க்கு 8,000 கிடைக்கிறது.

இந்தத் தில்லுமுல்லுக்குத் தணிக்கையாளர்கள் வைத்திருக்கும் பெயர் லேப்பிங். ஓட்டின் மேல் ஓடு ஏறிப் படிவதுபோல, ஒருவர் கட்டிய பணம் முந்தையவர் கணக்கின் பள்ளத்தை மூடுகிறது. திருடியது ஒரே ஒரு முறைதான். ஆனால் அந்த 12,000 ஓட்டை ‘அ’விடமிருந்து ‘ஆ’வுக்கும், ‘ஆ’விடமிருந்து ‘இ’க்கும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. இடையில் இன்னொரு முறை கை வைத்தால் ஓட்டை பெரிதாகும். பெரும்பாலும் வைக்கத்தான் செய்கிறார்கள்.

கணக்குகளை வழக்கமாகச் சரிபார்க்கும் முறைகள் இதைப் பார்ப்பதே இல்லை. மேலே சொன்ன நாட்களில் வங்கியில் போட்டது 15,000-உம் 20,000-உம், ஆக 35,000. பேரேட்டில் வரவு வைத்தது 12,000, 3,000, 12,000, 8,000. அதுவும் 35,000. ஆகவே வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் பொருந்தும். தனித்தனி வாடிக்கையாளர் பாக்கிகளைக் கூட்டினால் பொதுப் பேரேட்டின் கடனாளிகள் கணக்கோடும் பொருந்தும். இரண்டு இடத்திலும் ஒரே பொய்தானே எழுதப்பட்டிருக்கிறது! வசூலைக் குறைத்துக் காட்டியதால் பாக்கி அதே அளவு கூடுதலாக நிற்கிறது, அவ்வளவுதான். கூட்டுத்தொகையை எத்தனை முறை கூட்டிப் பார்த்தாலும் திருட்டு தென்படாது.

தென்பட வேண்டுமானால் மொத்தத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு தொகையின் பெயரையும் தேதியையும் பார்க்க வேண்டும். முதலில் வங்கிச் சலான். ஆறாம் தேதிச் சலானில் ‘ஆ’ கொடுத்த 15,000 காசோலை ஒன்றுதான் இருக்கிறது. அதே நாள் பேரேட்டில் இரண்டு பேருக்கு வரவு. சலானின் ஒவ்வொரு வரியையும் வரவுப் பதிவின் ஒவ்வொரு வரியோடு பக்கத்தில் வைத்தால் போதும், முரண் தானாக எழுந்து நிற்கும். காசாளர் கையிலுள்ள சலான் நகலை இதற்கு நம்பக்கூடாது, அதைத் திருத்தி எழுதுவது எளிது. வங்கியிடமிருந்தே நேராகக் காசோலை விவரம் வாங்க வேண்டும்.

எல்லாரும் ரொக்கமாகவே கட்டினால்? சலானில் யார் பெயரும் இருக்காது. அப்போது கைகொடுப்பது ரசீதின் அடிக்கட்டை. ‘அ’வின் அடிக்கட்டையில் தேதி மூன்று, பேரேட்டில் ஆறு. ‘ஆ’வின் 12,000-க்கு ஆறு, பேரேட்டில் பதினொன்று. பணம் வாங்கிய நாளுக்கும் வரவு வைத்த நாளுக்கும் இடையிலான இந்த நாட்களைத் தொகை வாரியாக எடுத்து வரிசைப்படுத்துங்கள். ரசீது எழுதுபவரும் பேரேடு எழுதுபவரும் ஒரே ஆள் என்றால் அடிக்கட்டையையும் சந்தேகிக்க வேண்டியதுதான். ரசீது எண் தொடர் விட்டுப்போயிருக்கிறதா, இன்னொரு ரசீதுப் புத்தகம் புழங்குகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

தாமதம் என்றவுடன் திருட்டு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மாதக் கடைசியில் வேலை குவிந்தால் எல்லாருடைய பதிவும் ஒருசேரத் தாமதமாகும், இரண்டு நாளில் தானே சரியாகிவிடும். எந்தப் பில்லுக்கு என்று சொல்லாமல் பணம் அனுப்புகிறவர்களும் உண்டு, அந்தத் தொகை சில நாள் ஒதுக்கிவைக்கப்படும். ஒரே காசோலையில் தன் நான்கு கிளைகளின் பாக்கியையும் கட்டும் நிறுவனத்துக்கு நான்கு கணக்கில் வரவு விழுவது நியாயம்தான். லேப்பிங்கின் தாமதம் வேறு மாதிரி: அது கரையாது, ஆளை மாற்றிக்கொண்டு போகும். முழுப் பில்லையும் ஒரே தடவையில் கட்டிப் பழகிய ‘ஆ’வின் கணக்கில் திடீரென 3,000 என்று ஒரு துண்டுத் தொகை தலைகாட்டும். எனக்குத் தேதி இடைவெளியைவிட இந்தத் துண்டுத் தொகைகள்தான் அதிகச் சந்தேகம் தருகின்றன.

இந்த வித்தைக்கு ஒரு பலவீனம் உண்டு. அது ஓய்வெடுக்க முடியாது. காசாளர் ஒரு வாரம் வராவிட்டால், அவர் இடத்தில் அமர்பவர் ‘ஈ’யின் பணத்தை ‘ஈ’யின் கணக்கிலேயே எழுதிவிடுவார். ‘இ’யின் 12,000 மூடப்படாமல் கிடக்கும், அவருக்குப் பாக்கி நினைவூட்டல் போகும், அவர் ரசீதைத் தூக்கிக்கொண்டு வருவார். இப்படி மறைத்துத் தொடர வேண்டிய மோசடிகள் வெளிப்படட்டும் என்றுதான் அமெரிக்க வங்கி வைப்புக் காப்பீட்டு அமைப்பான எஃப்.டி.ஐ.சி, முக்கியப் பொறுப்பில் உள்ள வங்கி ஊழியர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது தொடர்ந்து இரண்டு வாரம் வேலையை விட்டு விலகியிருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

விடுப்புவரை காத்திருக்க முடியாத இடத்தில் செய்வது திடீர்ச் சோதனை. பதிமூன்றாம் தேதி காலை, முன்னறிவிப்பில்லாமல், கல்லாப்பெட்டி, பதியாத காசோலைகள், ரசீதுப் புத்தகம், பேரேடு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கையகப்படுத்துகிறார்கள். ஒன்றை எண்ணும்போது இன்னொன்று காசாளரிடம் இருந்தால் பயனில்லை, ஓட்டை அங்கே தாவிவிடும். அன்றைய வசூல் வங்கிக்குப் போய்ச் சேரும்வரை தணிக்கையாளர் கண்ணைவிட்டு அகலக் கூடாது. வாடிக்கையாளர்களுக்குப் பாக்கியை உறுதிசெய்யக் கேட்கும் கடிதமும் அதே நாள் பாக்கியைக் குறிப்பிட்டுப் போக வேண்டும், பதில் நேரே தணிக்கையாளருக்கே வர வேண்டும். ஆண்டு இறுதித் தேதி எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும் எங்காவது கடன் வாங்கி ஓட்டையை அடைத்துவிட்டு, மறுநாள் திறந்துகொள்ளலாமே.

காசாளருக்கு வெளியேற ஒரு வழி இருக்கிறது: ‘இ’யின் பேரில் 12,000-க்கு ஒரு தள்ளுபடியோ, வாராக்கடனோ எழுதிவிட்டால் சங்கிலி அங்கே முடிந்துபோகும், யாரும் புகார் செய்யமாட்டார்கள். அதனால் சோதனையில் அண்மைய தள்ளுபடிப் பதிவுகளையும், அவற்றுக்குக் கையெழுத்திட்டது யார் என்பதையும் பார்க்கிறார்கள்.

நம் கதையில் அந்தப் பதிவு இன்னும் விழவில்லை. ‘இ’யின் கணக்கில் 12,000 பாக்கி நிற்கிறது, ஆனால் அவர் பதினொன்றாம் தேதி 20,000 முழுதும் கட்டிவிட்டதாகப் பதில் எழுதியிருக்கிறார். கல்லாவில் அந்தப் பணம் இல்லை. பதினொன்றாம் தேதிச் சலானில் ‘இ’யின் காசோலை இருக்கிறது, பேரேட்டில் அதன் பெரும்பகுதி ‘ஆ’ பெயரில். ‘ஆ’வின் காசோலை ஆறாம் தேதிச் சலானில் இருக்கிறது, பேரேட்டில் அதன் பெரும்பகுதி ‘அ’ பெயரில். ‘அ’வின் அடிக்கட்டையில் மூன்றாம் தேதி, 12,000, ரொக்கம் என்று எழுதியிருக்கிறது. மூன்றாம் தேதி முதல் இன்றுவரையிலான சலான்களில் ரொக்கம் என்ற வரியே இல்லை.