25 ரூபாய் லீட், பதில் இல்லாத போன்: ஆலை வேலை விளம்பரம் உள்ளே எப்படி இயங்குகிறது?

கஞ்சிக்கோட்டில் ஆள் எடுக்கும் அலுவலகங்களில் தினமும் நடக்கும் போன் பேச்சு ஒன்று உண்டு. "வணக்கங்க, ஆபரேட்டர் வேலைக்கு ஃபார்ம் போட்டிருந்தீங்களே…" என்று ஆரம்பித்தால், அந்தப் பக்கம், "ஃபார்மா? நான் ஒண்ணும் போடலீங்களே அண்ணா" என்று பதில் வரும். போன் எடுத்தவர் பொய் சொல்லவில்லை. ஃபார்ம் போட்ட ஞாபகமே அவருக்கு இல்லை.

வாளையார் சோதனைச் சாவடி தாண்டி கேரளாவுக்குள் நுழைந்ததும் வரும் தொழிற்பேட்டை இது. இங்குள்ள ஆலைகளுக்கு ஆள் இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழர்கள் வருகிறார்கள். எட்டிமடை, மதுக்கரைப் பக்கமிருந்தும் கம்பெனி பஸ் பிடித்து வருகிறார்கள். முன்பு கேட்டில் போர்டு தொங்கும், டீக்கடையில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், தெரிந்தவர் தெரிந்தவரைக் கூட்டி வருவார். இப்போது பலர் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் 'லீட் ஃபார்ம்' விளம்பரம் போடுகிறார்கள். விளம்பரத்தைத் தொட்டால் வேறு தளத்துக்குப் போகாமல் அங்கேயே ஒரு சின்னப் படிவம் திறக்கும். பெயர், போன் நம்பர் எல்லாம் தானாகவே நிரம்பியிருக்கும். 'சமர்ப்பி' என்று தொட்டால் முடிந்தது. இப்படி வந்து சேரும் ஒவ்வொருவரின் விவரமும் ஒரு 'லீட்'.

சிக்கலின் வேர் அந்தத் தானாக நிரம்புவதில்தான் இருக்கிறது. அந்த விவரங்கள் அவருடைய ஃபேஸ்புக் கணக்கிலிருந்து வருகின்றன. கணக்கு தொடங்கியபோது கொடுத்த நம்பர் எப்போதோ ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன சிம்மாக இருக்கலாம், அண்ணனுடைய நம்பராகவும் இருக்கலாம். எதையும் தட்டச்சு செய்யாமல் இரண்டு தொடலில் முடிந்த காரியம் மனதிலும் தங்குவதில்லை. அதனால்தான் "நான் போடலீங்களே".

இது பாதிக் கதைதான். மீதி, அந்த விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்று தீர்மானிக்கும் இயந்திரத்தில் இருக்கிறது. ஒருவர் திரையைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் பின்னால் ஒரு சின்ன ஏலம் நடக்கிறது. அதில் ஜெயிப்பது பணம் அதிகம் சொன்னவர் மட்டுமல்ல. மூன்று விஷயங்கள் சேர்ந்து மதிப்பு போடப்படுகிறது: விளம்பரதாரர் கேட்ட விலை, விளம்பரத்தின் தரம், இந்த நபர் நாம் கேட்ட செயலைச் செய்வாரா என்ற கணிப்பு. நாம் கேட்ட செயல் 'படிவம் சமர்ப்பித்தல்'. ஆகவே இயந்திரம் தேடுவது படிவம் சமர்ப்பிக்கிற ஆளை. ஆபரேட்டரை அல்ல. மூன்று ஷிப்டும் பார்ப்பாரா, பஸ் வசதி உண்டா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

படிவம் எவ்வளவு லேசோ, அவ்வளவு லேசாகத் தொட்டுவிட்டுப் போகிறவர்கள் முதலில் வருவார்கள். அவர்களைப் பார்த்து இயந்திரம் பாடம் படிக்கும், அப்புறம் அதே மாதிரி ஆட்களை இன்னும் தேடிக் கொண்டுவரும். லீட்டின் விலை நாளுக்கு நாள் இறங்கும். மேனேஜர் சந்தோஷப்படுவார். போன் எடுப்பவர்கள் எண்ணிக்கையும் கூடவே இறங்கும்.

எனவே படிவத்தில் கேட்கும் கேள்விகளுக்கு இரண்டு வேலை. வந்தவர்களைச் சலிப்பது எல்லோருக்கும் தெரிந்த வேலை. இனி யாரைத் தேட வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுப்பது இன்னொன்று, பெரும்பாலும் மறந்துபோகிற வேலை.

என்ன கேட்கலாம்? "இரவு ஷிப்டுக்கு வருவீர்களா? ஆம் / இல்லை" என்பது பலரும் வைக்கும் கேள்வி. இதனால் ஒரு பயனும் இல்லை. வேலை தேடி வந்தவர் எந்த பதிலைத் தொடுவார் என்று யாருக்கும் தெரியும். இதையே "உங்களுக்கு எது ஒத்துவரும்?" என்று மாற்றி, 'பகல் மட்டும்', 'பகலும் மாலையும்', 'மூன்று ஷிப்டும் மாறி மாறி' என்று கொடுத்தால், எது சரியான பதில் என்று வெளியே தெரியாது. அப்போதுதான் உண்மை வரும்.

இரண்டாவது கேள்வி ஊர். "எங்கிருந்து வருவீர்கள்?" என்று கேட்டு, கம்பெனி பஸ் நிற்கும் இடங்களையே விடைகளாகக் கொடுக்க வேண்டும்: எட்டிமடை, கந்தேகவுண்டன்சாவடி, வாளையார், பாலக்காடு டவுன், கொழிஞ்சாம்பாறை. கடைசியில் 'தங்க இடம் வேண்டும்' என்று ஒன்று. படிக்கும்போதே அவருக்குப் பஸ் ரூட் புரிந்துவிடும். ஒத்துவராதவர் தானே விலகிவிடுவார்.

மூன்றாவது, "இப்போது நீங்கள் பயன்படுத்தும் வாட்ஸ்அப் நம்பர்" என்று தானாக நிரம்பாத ஒரு கட்டம். பத்து இலக்கத்தைக் கையால் அடித்தவருக்கு ஃபார்ம் போட்டது கட்டாயம் ஞாபகம் இருக்கும். இதோடு, படிவ வகையில் `Higher intent` என்பதைத் தேர்ந்தெடுத்தால், அனுப்பும் முன் விவரங்களைக் காட்டி உறுதி செய்யச் சொல்லும் ஒரு திரை கூடுதலாக வரும். தவறுதலாகத் தொட்டவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

ஒத்துவராத விடையைத் தொட்டவரை வேறு முடிவுத் திரைக்கு அனுப்பும் வசதியும் படிவத்தில் உண்டு. 'பகல் மட்டும்' என்றவருக்கு "இப்போது ஷிப்ட் வேலை மட்டும்தான் இருக்கிறது, நன்றி" என்று மரியாதையாகச் சொல்லி முடித்துவிடலாம். அவர் லீட் கணக்கில் சேரமாட்டார். இயந்திரமும் அவரை வெற்றியாக எண்ணிப் பாடம் படிக்காது. என் பார்வையில் இந்தப் படிவத்தில் இருப்பதிலேயே உருப்படியான வசதி இதுதான். பலர் இதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

கணக்கு போட்டுப் பார்த்தால் தெளிவாகும். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஓர் ஆலை நாளுக்கு 700 ரூபாய் வீதம் 10 நாள் செலவழிக்கிறது, மொத்தம் 7,000. பெயரும் நம்பரும் மட்டும் கேட்கும் படிவத்தில் லீட் 25 ரூபாய்க்கு விழுகிறது, 280 பேர் வருகிறார்கள். 150 பேர் போன் எடுக்கிறார்கள். ஷிப்டும் ஊரும் ஒத்துவருவது 40 பேருக்கு. இன்டர்வியூவுக்கு 12 பேர் வந்து 5 பேர் சேர்கிறார்கள். ஒருவர் சேர ஆன செலவு 1,400 ரூபாய். மேற்சொன்ன கேள்விகளோடு போட்டால் லீட் 64 ரூபாய் ஆகிறது, 110 பேர்தான் வருகிறார்கள். ஆனால் 85 பேர் போன் எடுக்கிறார்கள், 60 பேர் ஒத்துவருகிறார்கள், 26 பேர் நேரில் வந்து 13 பேர் சேர்கிறார்கள். ஒருவருக்கு 540 ரூபாய்கூட இல்லை. ஒரு போனுக்கு மூன்று நிமிடம் என்றால் முதல் வழியில் 14 மணி நேரம் போன் பேச வேண்டும், இரண்டாவதில் ஐந்தரை மணி நேரம். டேஷ்போர்டில் 25 ரூபாய் லீட்தான் அழகாகத் தெரியும்.

அப்படியானால் பத்துக் கேள்வி வைத்தால் இன்னும் நல்லதுதானே? இல்லை. ஒரு விளம்பரத் தொகுப்புக்கு வாரத்தில் சுமார் 50 சமர்ப்பிப்புகள் வந்தால்தான் இயந்திரம் தன் கற்கும் கட்டத்தைத் தாண்டும் என்பது ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் சொல்லும் அளவு. நம் கணக்கில் நாளுக்கு 11 லீட், வாரத்துக்கு 77, தாண்டிவிடும். கேள்விகளைக் கூட்டி லீட் விலை 200 ரூபாய்க்குப் போனால், அதே பணத்தில் வாரத்துக்கு 24 அல்லது 25தான் வரும். விளம்பரம் கடைசிவரை தடுமாறிக்கொண்டே ஓடும். மூன்று நான்கு கேள்வியோடு நிறுத்திக்கொள்வது அதனால்தான். ஆதார் நம்பர் மாதிரியான அரசு அடையாள எண்களைக் கேட்பதற்கு மெட்டாவின் விதியிலேயே தடை இருக்கிறது. கேட்டாலும் மக்கள் மோசடி என்று நினைத்து ஓடிவிடுவார்கள், நியாயம்தான்.

சம்பளத்தை விளம்பரத்திலேயே போட்டுவிட வேண்டும், அதுவும் கைக்கு வருவதை. மொத்தச் சம்பளம் 16,000, அதில் பி.எஃப். கணக்கிடும் அடிப்படை 12,000 என்றால், 12 சதவீதம் பி.எஃப். 1,440 போகும், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 120 போகும். கையில் 14,440. "16,000 சம்பளம்" என்று மட்டும் போட்டால் முதல் மாதச் சம்பளத்தன்று சண்டை வரும், இரண்டாம் மாதம் ஆள் இருக்கமாட்டார்.

எல்லைப் பகுதிக்கென்றே இரண்டு வம்புகள் உண்டு. கஞ்சிக்கோட்டை மையமாக வைத்து 25 கிலோமீட்டர் வட்டம் போட்டால், அது காக்கை பறக்கும் தூரம். வட்டத்தின் வடக்குப் பாதியில் பெரும் பகுதி மலையும் காடும். வரைபடத்தில் பக்கமாகத் தெரிகிற ஊருக்கு நேர் பஸ் இல்லாமலும் இருக்கும். பஸ் ரூட் ஓரத்து ஊர்களில் சின்னச் சின்ன வட்டங்களாகப் போடுவது மேல். மொழி விஷயம் இன்னொன்று. தமிழர்கள்தான் வேண்டும் என்று மொழி இலக்கில் தமிழைத் தேர்ந்தெடுத்தால், ஆப்பை ஆங்கிலத்தில் வைத்திருக்கும் தமிழர்களில் பலர் விடுபட்டுப் போவார்கள். மொழி இலக்கைக் காலியாக விட்டுவிட்டு, விளம்பரத்தைத் தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று என்று எழுதினால் போதும். படிக்கத் தெரிந்தவர் நின்று படிப்பார்.

லீட் வந்தபின் ஆறப்போடுவதுதான் மிகப் பெரிய இழப்பு. சனிக்கிழமை ராத்திரி போட்ட படிவத்தைத் திங்கள் மதியம் இறக்கி, செவ்வாய் காலை 11 மணிக்குக் கூப்பிட்டால் யார் எடுப்பார்கள்? நமக்கு வேண்டிய அனுபவசாலி அந்த நேரம் வேறொரு ஆலையில் இருப்பார், போன் லாக்கரில் இருக்கும். வந்த உடனே வாட்ஸ்அப்பில் நிறுவனத்தின் பெயரோடு ஒரு செய்தி, அப்புறம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போன் என்று வைத்துக்கொண்டால் பதில் கிடைக்கும். இறக்கும் கோப்பில் நம்பருக்கு முன்னால் `p:+91` என்று இருக்கும், அதை அப்படியே வாட்ஸ்அப்பில் ஒட்டினால் போகாது, `p:` என்பதை நீக்க வேண்டும். 90 நாள் தாண்டினால் அந்த லீட்டுகளை ஃபேஸ்புக்கிலிருந்து இறக்கவும் முடியாது.

படத்தையும் கவனிக்க வேண்டும். அமெரிக்க ஆய்வாளர்கள் 2019-இல் வேலை விளம்பரங்களை எல்லோருக்கும் பொதுவாகப் போட்டுச் சோதித்தார்கள். ஆண், பெண் என்று எந்த இலக்கும் வைக்கவில்லை. அப்படியும் சூப்பர் மார்க்கெட் காசாளர் விளம்பரத்தைப் பார்த்தவர்களில் 85 சதவீதம் பெண்கள். படத்தையும் வாசகத்தையும் வைத்து இயந்திரமே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. அசெம்பிளி லைனில் பெண்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் படத்தைப் போட்டால், ஆண்கள் கண்ணில் விளம்பரம் குறைவாகவே படலாம். லேத் முன்னால் ஓர் இளைஞர் நிற்கும் படத்துக்கும் இதே கதைதான். விளம்பரம் ஓடிய மூன்றாம் நாள், விளம்பர மேலாளரில் `Breakdown` என்பதைத் திறந்து வயது, பாலினம் வாரியாக யாருக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் படத்தை மாற்றிவிட்டு மறுபடி ஓடவிட வேண்டியதுதான்.