என்.பி.எஸ். டியர் 2: ஃபண்டு சொல்லும் லாபம் ஒன்று, உங்கள் ஸ்டேட்மென்ட் சொல்வது வேறு, ஏன்?

தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்.-இல் டியர் 1 எனும் ஓய்வூதியக் கணக்கு இருப்பவர்கள் டியர் 2 கணக்கும் தொடங்கலாம். பொதுவாக இதில் நினைத்தபோது பணம் போடலாம், எடுக்கலாம். அதனால்தான் லாபத்தைக் கணக்கிடுவதில் குழப்பம் வருகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். ஃபண்டின் ஒரு யூனிட் விலை, அதாவது என்ஏவி, ஏப்ரல் 1 அன்று 20 ரூபாய், அக்டோபர் 1 அன்று 25, மார்ச் 31 அன்று 21. முதல் பாதியில் 25% ஏற்றம், அடுத்த பாதியில் 16% இறக்கம். 1.25 × 0.84 = 1.05, ஆக ஆண்டு லாபம் 5%. இப்படிப் பணம் வந்து போகும் நாட்களில் காலத்தைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டின் வளர்ச்சியையும் பெருக்குவதுதான் டைம் வெயிட்டட் ரிட்டர்ன். 20 ரூபாய் 21 ஆனதும் அதே 5% தான். என்ஏவியை மட்டும் பார்த்தாலே இது தெரிந்துவிடும். யார் எவ்வளவு போட்டார்கள் என்பது இதில் வராது.

தண்டையார்பேட்டையில் ஒருவர் ஏப்ரலில் 1 லட்சம் போட்டார். அக்டோபரில் சீட்டுப் பணம் 2 லட்சம் கைக்கு வர, அதையும் போட்டார். 5,000 யூனிட்டோடு 8,000 சேர்ந்து 13,000. மார்ச்சில் மதிப்பு 2,73,000 ரூபாய். 27,000 ரூபாய் நஷ்டம். ஃபண்டோ 5% லாபம் என்கிறது. இரண்டுமே உண்மை. அவருடைய பெரிய தொகை விலை உச்சத்தில் இருந்தபோது உள்ளே போனதுதான் காரணம். 27,000-ஐ 3 லட்சத்தால் வகுத்து 9% நஷ்டம் என்றால் அதுவும் சரியில்லை, ஏனென்றால் 2 லட்சம் அரை ஆண்டுதான் உள்ளே இருந்தது. தொகையையும் தேதியையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 13% நஷ்டம். இதுதான் மணி வெயிட்டட் ரிட்டர்ன். என்.பி.எஸ். ஸ்டேட்மென்ட்டில் XIRR என்று இருப்பது இதுவே.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருப்பவர் அதே ஃபண்டில் ஏப்ரலில் 3 லட்சம் போட்டார். தீபாவளிச் சரக்கு வாங்க அக்டோபர் 1 அன்று இரண்டரை லட்சம் எடுத்தார். மீதி 5,000 யூனிட்டுக்கு மார்ச்சில் 1,05,000 ரூபாய். இவருடைய XIRR சுமார் 30%. ஃபண்டு மேனேஜர் இவருக்குத் தனியாக எதுவும் செய்யவில்லை, பணம் எடுத்த நேரம்தான் அமைந்தது.

ஆகவே எந்த ஃபண்டு நல்லது என்று ஒப்பிட என்ஏவி வளர்ச்சியைப் பாருங்கள். XIRR-ஐ வைத்து மேனேஜரைப் பாராட்டுவதோ திட்டுவதோ தவறு. உங்கள் பணம் உண்மையில் எப்படி வளர்ந்தது என்று தெரிய XIRR வேண்டும். கணினியில் எக்செலில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்:

```
=XIRR(B2:B4, A2:A4)
```

A-யில் தேதி, B-யில் தொகை. போட்ட பணத்துக்கு மைனஸ் குறி, எடுத்த பணமும் கடைசி மதிப்பும் பிளஸ். குறி மாறினால் விடையே தவறிவிடும்.

இன்னொன்று, கணக்கு தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தால் XIRR-ஐ நம்ப வேண்டாம். மூன்று வாரத்தில் வந்த 2% லாபத்தை அது ஆண்டுக்கு விரித்துச் சுமார் 41% என்று காட்டும்.