பெட்டியில் ஒட்டிய நீல முத்திரை

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் என் அத்தை புது ஃபோன் வாங்கப் போனார். ஏறக்குறைய ஒரே மாதிரி இரண்டு ஃபோன்கள். ‘லோ ப்ளூ லைட்’ முத்திரை ஒட்டியதற்குச் சில நூறு ராண்ட் கூடுதல். “கண்ணுக்கு நல்லதாடா?” என்று கடையிலிருந்தே கேட்டார்.

முத்திரை பொய்யல்ல. ஆனால் அத்தை நினைக்கிறதை அது அளக்கவில்லை. டியூவி ரைன்லாண்ட் என்ற ஜெர்மன் சோதனை நிறுவனத்தின் ஹார்டுவேர் வகைச் சான்றிதழ் முக்கியமாகப் பார்ப்பது ஒரு விகிதத்தை. அலைநீளம் 400 முதல் 500 நானோமீட்டர் வரையுள்ள நீல ஒளியில், 415 முதல் 455-க்குள் விழும் பங்கு பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும். ஒரு திரை 100 பங்கு நீலம் உமிழ்கிறது, அதில் 60 பங்கு அந்த இடைவெளியில் விழுகிறது என்று வையுங்கள், தேறாது. நீலத்தின் உச்சத்தை 450-லிருந்து 460-க்குத் தள்ளி, 60-ஐ 40 ஆக்கினால் தேறிவிடும். மொத்தம் அதே 100 பங்குதான். நீலம் குறையவில்லை, நகர்ந்திருக்கிறது.

நகர்ந்த திசையும் வேடிக்கை. இரவா பகலா என்று உடலுக்குச் சொல்லும் மெலனாப்சின் என்ற நிறமிக்கு 480 நானோமீட்டர் அருகில்தான் உணர்வு அதிகம். உச்சம் அந்தப் பக்கமே நெருங்குகிறது. தூக்கத்துக்காக முத்திரையை நம்பிப் பயனில்லை. திரையை மங்கலாக்கி, சீக்கிரம் அணைப்பதே மேல்.

விழித்திரை பாதிப்பு? ஃபோன் திரை பன்னாட்டுப் பாதுகாப்பு வரம்புக்கு வெகு கீழே இருக்கிறது. டர்பன் கடற்கரையின் நண்பகல் வானம் ஃபோனைவிட அதிக நீலம் தரும். நீலம் வடிகட்டும் கண்ணாடிகளைப் பற்றி 17 சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2023 ஆய்வும், கண் களைப்பு குறைவதாகத் தெரியவில்லை என்றே சொன்னது. கண் எரிவதற்கு, திரையைப் பார்க்கும்போது குறைவாக இமைப்பதே பெரிய காரணம்.

நான் மதிப்பது ‘ஃப்ளிக்கர்’ பற்றிய தகவலை. பல ஓஎல்இடி திரைகள் வெளிச்சத்தைக் குறைக்க ஒளியை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகின்றன. நொடிக்கு 240 முறை என்றால், ஐ.ஈ.ஈ.ஈ. என்ற பொறியாளர் அமைப்பின் 1789 எண் பரிந்துரைப்படி வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் சுமார் 19 சதவீதத்துக்குள் இருந்தால்தான் ஆபத்து குறைவு. மங்கலில் அது முழுதாக அணைந்தே எரியும். 1250-க்கு மேல் அந்தக் கட்டுப்பாடு இல்லை. லோட் ஷெடிங் இரவுகளில் இருட்டில் மங்கலாக வைத்துப் பார்த்துத் தலைவலித்தவர்கள் இதையும் சந்தேகிக்கலாம். எல்லோருக்கும் வலிக்காது.

அத்தையிடம் சொன்னேன்: திரையை மங்கலாக்கி ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறங்கள். உங்கள் பழைய ஃபோன் கேமராவின் புரோ முறையில் ஷட்டரை 1/2000 நொடிக்கு வைத்துப் படமெடுங்கள். அகலமான கறுப்புப் பட்டைகள் விழுந்தால், அது அணைந்து எரியும் திரை.

முத்திரை ஒட்டியதில் பட்டை விழுந்தது. மலிவானது எல்சிடி, அதில் ஒன்றும் விழவில்லை.