பழைய நாட்கணக்கு (ஓல்டு ஸ்டைல்)

பழைய ஐரோப்பியர்களின் பிறந்த தேதிக்குப் பக்கத்தில் ‘ஓ.எஸ்.’ என்று ஒரு குறிப்பைக் காணலாம். ‘ஓல்டு ஸ்டைல்’ என்பதன் சுருக்கம் அது. எழுத்தாணியைக் குறித்த ‘ஸ்டிலுஸ்’ என்ற லத்தீன் சொல்லே ‘ஸ்டைல்’ ஆனது. எழுதும் முறை என்ற பொருள் பின்னால் சேர்ந்தது. இங்கே அது தேதியிடும் முறையைக் குறிக்கிறது. ‘பழைய பாணி’ என்றால் சிகை அலங்காரம்போலத் தொனிக்கும். ‘பழைய நாட்கணக்கு’ என்பதே பொருந்தும், ‘என்.எஸ்.’ என்பது புதிய நாட்கணக்கு.

பழையது ஜூலியன் நாட்காட்டி, புதியது கிரகோரியன். பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752-இல் மாறின. செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. மாறியது இந்த 11 நாள் மட்டுமல்ல. அதற்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு மார்ச் 25-இல்தான் தொடங்கியது. 1752 முதல் ஜனவரி 1-க்கு வந்தது. வயதுக் கணக்கில் பெரிய பிழை இங்கேதான் நுழைகிறது.

ஜார்ஜ் வாஷிங்டனைப் பாருங்கள். வெர்ஜீனியாவில் அவர் பிறந்த நாள், அன்றைய கணக்கில், 1731 பிப்ரவரி 11. இறந்தது 1799 டிசம்பர் 14. அப்படியே கழித்தால் 68 வயது வரும். ஆனால் அந்த பிப்ரவரி, 1731 என்று எண்ணப்பட்ட ஆண்டின் கடைசி மாதங்களில் ஒன்று. நம் கணக்கில் அது 1732. குடும்ப பைபிளில் ‘1731/2’ என்று சாய்கோடு போட்டு எழுதியிருப்பது இதனால்தான். 11 நாளையும் கூட்டினால் 1732 பிப்ரவரி 22. ஆக, இறந்தபோது வயது 67 ஆண்டு, 9 மாதம், 22 நாள்.

11 நாள் மட்டும் விடுபட்டால் முழு வயது பெரும்பாலும் மாறாது. பழைய பிறந்த நாளுக்கும் திருத்திய பிறந்த நாளுக்கும் இடைப்பட்ட நாட்களில் மரணம் நேர்ந்தால்தான் ஓர் ஆண்டு கூடும். பழைய கணக்கு அப்போதும் நீடித்த ரஷ்யாவில் லெனின் பிறந்தது அந்தக் கணக்கில் 1870 ஏப்ரல் 10, புதிய கணக்கில் ஏப்ரல் 22. இறந்தது 1924 ஜனவரி 21. எப்படிக் கணக்கிட்டாலும் 53 வயதுதான். ஆகவே சந்தேகப்பட வேண்டியது 1752-க்கு முன் இங்கிலாந்தில் ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை பிறந்தவர்களின் ஆண்டு எண்ணை. தேதி ஏற்கெனவே திருத்தப்பட்டிருந்தால் மறுபடியும் நாளைக் கூட்டிவிடக் கூடாது; பதிப்பாசிரியர்களே சில சமயம் சறுக்கும் இடம் இது. கூட்ட வேண்டிய நாளும் ஒன்றல்ல: 1700 பிப்ரவரி வரை 10, அதன் பிறகு 1800 பிப்ரவரி வரை 11, பத்தொன்பதாம் நூற்றாண்டில் 12.

அன்றைய பிரிட்டிஷ் சட்டம் இதை முன்கூட்டியே யோசித்திருந்தது. 21 வயது நிறைவை உண்மையில் கடந்த நாட்களைக் கொண்டே எண்ண வேண்டும் என்றது. 1731 செப்டம்பர் 5-இல் பிறந்தவருக்கு 1752-இல் அந்தத் தேதியே வரவில்லை. அவர் செப்டம்பர் 16-இல்தான் உரிமை வயதை அடைந்தார்.