காண்டூர் என்றால் என்ன? சம உயரக் கோடு

பொள்ளாச்சிப் பக்கம் போனால் 'காண்டூர் கால்வாய்' என்பார்கள். மலையின் உடம்பை ஒட்டி, ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வளைந்து போகும் கால்வாய் அது. வரைபடத்தில் காண்டூர் கோடும் அப்படித்தான்: கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைச் சேர்த்துப் போட்ட கோடு.

சொல் பிரெஞ்சு வழியாக இத்தாலியத்திலிருந்து வந்தது. அங்கே அதற்குச் சுற்றி வருவது, புறவரை என்று பொருள். அதன் அடியில் கடைசல் பிடிப்பதைக் குறிக்கும் லத்தீன் வேர் இருக்கிறது. இதை அப்படியே 'உருவரை' என்று பெயர்த்தால் உயரம் என்ற செய்தியே விடுபட்டுப் போகும். பள்ளிப் பாடநூலின் 'சம உயரக் கோடு' பொருளை நேராகச் சொல்வதால் அதுவே எனக்குச் சரியாகப் படுகிறது.

சரி, அழகர்மலை அடிவாரத்தில் ஓர் இடம், மேலே சரிவில் ஓர் இடம். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு ஏற்றம்? 1:50,000 அளவுள்ள நில அளவைத் தாளை எடுங்கள். கோடுகள் பழுப்பு நிறத்தில் இருக்கும். இடைவெளி 20 மீட்டர் என்று ஓரத்தில் போட்டிருந்தால், ஐந்தாவது கோடு ஒவ்வொன்றும் தடித்து, 100, 200 என்று எண்ணோடு வரும். கீழ் இடம் 200 கோட்டிலும் மேல் இடம் 400 கோட்டிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வேறுபாடு 200 மீட்டர். இதைக் கோடுகளை எண்ணிக் கண்டுபிடிப்பவர்கள் இரண்டு முனைக் கோடுகளையும் சேர்த்து 11 என்று எண்ணி, 220 மீட்டர் என்று சொல்லிவிடுவார்கள். எண்ண வேண்டியது கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை, அவை 10தான். வழியில் ஒரு பள்ளம் குறுக்கிட்டால் எண்ணிக்கை இன்னும் குழப்பும். அதனால் இரு முனைகளிலும் உள்ள உயர எண்ணைப் படிப்பதே நல்லது.

அப்புறம் தூரம். தாளில் 4 செ.மீ. என்றால் தரையில் 2,000 மீட்டர். 200ஐ 2,000ஆல் வகுத்தால் பத்துக்கு ஒன்று, அதாவது நூற்றுக்கு 10 சரிவு. ஆனால் இது வெறும் சராசரி. முதல் 3 செ.மீ.யில் 240 கோடு வரைதான் ஏறுகிறது, மீதி எல்லாக் கோடுகளும் கடைசி 1 செ.மீ.யில் நெருக்கியடிக்கின்றன என்றால் கதையே வேறு. முன்பகுதியில் 1,500 மீட்டருக்கு 40 மீட்டர்தான் ஏற்றம், சாதாரணமாக நடந்துவிடலாம். பின்பகுதியில் 500 மீட்டருக்குள் 160 மீட்டர், நூற்றுக்கு 32. மூச்சு வாங்கும். ஆகவே கணக்குப் போடும் முன், கோடுகள் எங்கே நெருங்குகின்றன என்று பார்த்து, சரிவு மாறும் இடத்தில் வழியைத் துண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

யானைமலை போன்ற செங்குத்துப் பாறையில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். அங்கே தனித்தனியாகப் பிரித்துப் படிப்பது சிரமம். கண்மாய்க் கரைக்குச் சிக்கல் நேரெதிர். சில மீட்டர் உயரமே உள்ள கரை, 20 மீட்டர் இடைவெளியில் எந்தக் கோட்டிலும் சிக்காது. அதனால்தான் கரை அருகே ஓர் எண்ணும் ஆர் என்ற ஆங்கில எழுத்தும் போட்டிருப்பார்கள். அது கடல் மட்டத்திலிருந்து அளந்த உயரம் அல்ல. பக்கத்துத் தரையிலிருந்து கரை எவ்வளவு எழும்பியிருக்கிறது என்பது.