குத்தியவரா, மருத்துவரா: மரணத்தின் பொறுப்பு கைமாறும் இடம்

ஒருவர் கத்தியால் குத்தப்படுகிறார். மருத்துவமனையில் அவருக்குத் தவறான சிகிச்சை அளிக்கப்படுகிறது, அவர் இறந்துபோகிறார். சிகிச்சை சரியாக இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று மருத்துவ சாட்சியே சொல்கிறது. அப்படியானால் குத்தியவர் செய்தது கொலையா, அல்லது கொடுங்காயம் மட்டும்தானா? குற்றவியல் சட்டத்தில் காரணத் தொடர்பு பற்றிய விவாதம் சூடுபிடிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதல் சோதனை எளிது. குற்றம்சாட்டப்பட்டவரின் செயல் நடக்காமல் இருந்திருந்தால் இந்த மரணம் நேர்ந்திருக்குமா என்று கேட்க வேண்டும். 1910-ஆம் ஆண்டின் ஒயிட் வழக்கில், மகன் தாயைக் கொல்லும் நோக்கத்தில் அவருடைய பானத்தில் சயனைடு கலந்தார். தாயோ விஷம் வேலை செய்வதற்கு முன்பே மாரடைப்பால் இறந்துவிட்டார். விஷம் இல்லாவிட்டாலும் அந்த மரணம் நேர்ந்தே இருக்கும் என்பதால், மகன்மீது கொலை முயற்சிக் குற்றம் மட்டுமே நின்றது. ஆனால் கத்திக்குத்து வழக்கில் இந்தச் சோதனை நமக்கு உதவுவதில்லை, ஏனென்றால் குத்தாமல் இருந்திருந்தால் மருத்துவமனையும் இல்லை, மருந்தும் இல்லை, மரணமும் இல்லை. சோதனையில் தேறிய பிறகும், நடுவில் புகுந்த வேறொருவரின் செயல் பொறுப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அப்படி நடுவில் புகும் செயலையே இடையீட்டுச் செயல் என்கிறோம்.

இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் மூன்றாண்டு இடைவெளியில் கொடுத்த இரண்டு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இதன் இயக்கம் தெளிவாகும். முதலாவது 1956-ஆம் ஆண்டின் ஜோர்டான் வழக்கு. ஓர் உணவகத்தில் நடந்த கத்திக்குத்தில் ஒருவருடைய குடல் இரண்டு இடங்களில் துளைபட்டது. சில நாட்கள் கழித்து அவர் மருத்துவமனையில் இறந்தார். விசாரணை நீதிமன்றம் கொலை என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில்தான் புதிய மருத்துவ சாட்சியம் வந்தது. தொற்றைத் தடுப்பதற்காக நோயாளிக்கு டெர்ராமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கப்பட்டிருந்தது. அது அவர் உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது வயிற்றுப்போக்கிலிருந்து தெரிந்து, மருந்து நிறுத்தப்பட்டது. அதன் பிறகு வேறொரு மருத்துவர் அதே மருந்தை மீண்டும் தொடரச் சொன்னார். போதாக்குறைக்கு, இரத்தக்குழாய் வழியாக அளவுக்கு மீறிய திரவமும் ஏற்றப்பட்டது. நுரையீரலில் நீர் கோத்து, நிமோனியா கண்டு அவர் இறந்தார்.

சிகிச்சை அப்பட்டமாகத் தவறானது என்பது மேல்முறையீட்டில் சாட்சி சொன்ன மருத்துவர்களின் கருத்து. இருந்தாலும் வழக்கின் உயிர்நாடி அதில் இல்லை என்பேன். இறக்கும் தறுவாயில் கத்திக்காயம் பெருமளவு ஆறியிருந்தது என்று அவர்கள் சொன்ன மற்றொரு விவரமே முக்கியமானது. காயம் தன் வேலையை ஏறக்குறைய முடித்துக்கொண்டு விலகிய பிறகு, வேறொன்று வந்து உயிரைப் பறித்திருக்கிறது. குற்றத்தீர்ப்பு ரத்தானது.

இரண்டாவது 1959-ஆம் ஆண்டின் ஸ்மித் வழக்கு. ஜெர்மனியில் இருந்த பிரிட்டிஷ் படை முகாமில் சிப்பாய்களுக்குள் மூண்ட சண்டையில் ஒருவர் பயனெட்டால் குத்துப்பட்டார். முதுகுப் பக்கக் காயம் நுரையீரலைத் துளைத்து உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு போன சக சிப்பாய் வழியில் இரண்டு முறை அவரைக் கீழே போட்டுவிட்டார். சிகிச்சை நிலையத்தில் வேறு காயக்காரர்களும் இருந்த நெருக்கடியில், நுரையீரல் துளைபட்டிருப்பதை மருத்துவ அதிகாரி கவனிக்கவில்லை. அந்தக் காயத்துக்குக் கேடாகக்கூடிய செயற்கைச் சுவாசம் அளிக்கப்பட்டது. முறையான சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைக்கும் வாய்ப்பு 75 சதவீதம் வரை இருந்திருக்கும் என்று நிபுணர் சாட்சி சொன்னார். ஆனாலும் கொலைத் தீர்ப்பு நிலைத்தது.

பிழைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு தீர்ப்புகளும் முரண்படுவதாகவே தோன்றும். ஸ்மித் வழக்கில் நீதிபதி பார்க்கர் பிரபு வகுத்த அளவுகோல் அந்த முரணை நீக்குகிறது: மரண நேரத்தில் முதல் காயம் இன்னும் செயல்பட்டுக்கொண்டிருக்கும் காரணமாகவும், கணிசமான காரணமாகவும் இருந்தால், வேறொரு காரணமும் கூடவே இயங்கினாலும் மரணத்தைக் காயத்தின் விளைவென்றே கொள்ளலாம். காயம் வெறும் பின்புலமாகச் சுருங்கி, அதன்மேல் வேறொரு காரணம் தனித்து இயங்கும்போதுதான் காரணச் சங்கிலி அறுகிறது. சிப்பாய் இறந்தது நுரையீரல் காயத்தின் இரத்தப்போக்கால். கீழே விழுந்ததும் தவறான சிகிச்சையும் அந்தக் கசிவை மோசமாக்கினவே தவிர, அதன் இடத்தைப் பிடிக்கவில்லை. ஆகவே கேட்க வேண்டியது மருத்துவர் எவ்வளவு தவறினார் என்பதைவிட, உயிர் போன நேரத்தில் காயம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதே. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் வழக்கறிஞர்கள் முதலில் தேடுவதும் இதைத்தான்: காயம் ஆறியிருந்ததா, இரத்தப்போக்கு நின்றிருந்ததா, மரணத்துக்கு உடனடிக் காரணம் எது, அது காயத்திலிருந்து கிளைத்ததா.

கடைசிக் கேள்வி எவ்வளவு சிக்கலானது என்பதை 1991-இல் தீர்ப்பான செஷயர் வழக்கு காட்டுகிறது. துப்பாக்கிச் சூட்டில் தொடையிலும் வயிற்றிலும் காயம்பட்டவருக்கு மூச்சுவிட உதவுவதற்காகத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தினார்கள். அந்த இடத்தில் மூச்சுக்குழாய் மெல்லச் சுருங்கியது. அவர் மூச்சுத் திணறுவதாகச் சொன்னபோது, மனப்பதற்றம் என்று எடுத்துக்கொண்டார்கள். சுடப்பட்டு இரண்டு மாதங்களுக்கும் மேலான பிறகு அவர் இறந்தார். குண்டுக்காயங்களால் அப்போது உயிருக்கு ஆபத்தே இல்லை. ஸ்மித் அளவுகோலை எழுத்துக்கு எழுத்து வைத்துப் பார்த்தால் சுட்டவர் தப்பித்திருக்க வேண்டும். மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படிப் பார்க்கவில்லை. சிகிச்சைப் பிழை குற்றவாளியின் செயலிலிருந்து முற்றிலும் விலகி நின்று, தன்னளவிலேயே மரணத்தை உண்டாக்கும் வலிமை பெற்று, குற்றவாளியின் பங்கை அற்பமாக்கிவிட்டால் மட்டுமே சங்கிலி அறுகிறது என்றது. மூச்சுக்குழாய்ச் சுருக்கம் அரிதான சிக்கல்தான் என்றாலும், துப்பாக்கிச் சூடு தேவையாக்கிய சிகிச்சையிலிருந்தே அது பிறந்தது. தீர்ப்பு நிலைத்தது.

ஜோர்டானுக்கும் செஷயருக்கும் இடையிலான கோடு துல்லியமானது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஒன்றில் மருந்து, மற்றதில் குழாய்; இரண்டுமே காயத்துக்கான சிகிச்சைகள். ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்து நிறுத்திய மருந்தைத் திரும்பக் கொடுப்பதற்கும், வளரும் சிக்கலை அடையாளம் காணத் தவறுவதற்கும் உள்ள தூரமே இரண்டு வழக்குகளையும் பிரிக்கிறது என்பது என் கணிப்பு. ‘அற்பம்’, ‘வலிமை’ போன்ற சொற்களுக்கு அளவுகோல் கிடையாது. அவற்றை எடைபோட வேண்டியவர்கள் ஜூரிகள். ஜோர்டான் வழக்கை அதன் தனித்த உண்மைகளுக்கு மட்டுமே பொருந்தும் விதிவிலக்காக நீதிமன்றங்கள் பின்னாளில் ஒதுக்கி வைத்ததில் வியப்பில்லை. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமோ 299-ஆவது பிரிவின் விளக்கத்திலேயே இதற்கு ஒரு பதிலை எழுதி வைத்தது: தகுந்த சிகிச்சையால் மரணத்தைத் தவிர்த்திருக்க முடியும் என்றாலும், காயத்தால் நேர்ந்த மரணத்துக்குக் காயப்படுத்தியவரே காரணமாவார். ஆயினும் மரணம் காயத்தால்தான் நேர்ந்ததா என்ற கேள்வியை அந்த விளக்கம் திறந்தே விட்டிருந்தது.

சங்கிலி அறுபடவில்லை என்று தீர்ப்பானால் மருத்துவர் தப்பித்துவிட்டார் என்று பொருள் இல்லை. ஒரு மரணத்துக்கு ஒரே காரணம்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. மருத்துவரின் அலட்சியம் குற்றமாகும் அளவுக்குக் கடுமையாக இருந்தால் அவரையும் தனியே விசாரிக்கலாம். அவர் தண்டிக்கப்படுவதால் குத்தியவரின் பங்கு குறைந்துவிடாது.